"உனக்கு நீயே ஆஃபர் குடுத்துக்கிட்டியா?"

மூணாம் வருஷ லீவுல எனக்கு ஒரு சின்ன கம்பெனியில இன்டர்ன்ஷிப் கிடைச்சது. ஆஃபர் லெட்டர்னு தனியா எதுவும் தரல, மெயில்லயே "நீங்க சேரலாம்"னு எழுதிட்டாங்க. கிரெடிட் போடறதுக்கு அந்த மெயிலை பிடிஎஃப்பா கொடுக்கணும்னு டிபார்ட்மென்ட்ல சொன்னாங்க. நான் போன்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதையே பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தேன். கோ-ஆர்டினேட்டர் சார் ஒரு நொடி பார்த்துட்டு திருப்பிக் கொடுத்துட்டார். "யார் அனுப்பினது, யாருக்கு வந்தது, என்னைக்கு வந்தது? மூணும் இல்லையே."

திரும்பப் பார்த்தா அவர் சொன்னது சரிதான். போன் திரையில அனுப்பினவரோட பேர் மட்டும் இருக்கு, மெயில் ஐடி இல்ல. பெறுநர் இடத்துல to me. தேதி இடத்துல 2 days ago. இந்த ரெண்டு நாள் எந்த நாளிலிருந்து எண்ணினது? ஸ்கிரீன்ஷாட் எடுத்த எனக்கே அடுத்த மாசம் தெரியாது.

அடுத்த தப்பு இன்னும் பெருசு. மெயில் வந்தது என் சொந்த ஐடிக்கு. லேப் கம்ப்யூட்டர்ல காலேஜ் ஐடிதான் திறந்திருந்தது. சரின்னு அந்த மெயிலை காலேஜ் ஐடிக்கு ஃபார்வர்ட் பண்ணி, அங்கிருந்து பிரின்ட் எடுத்தேன். சார் சிரிச்சுட்டார். "என்னப்பா, உனக்கு நீயே ஆஃபர் குடுத்துக்கிட்டியா?" அனுப்பினவர் இடத்துல என் பேர், பெறுநர் இடத்துலயும் என் பேர். ஃபார்வர்ட் பண்ணினா அது உங்ககிட்டயிருந்து போற புது மெயில். பழைய அனுப்புநரும் தேதியும் அதுக்குள்ள வெறும் எழுத்தா ஒட்டியிருக்கும். அதை அனுப்பறதுக்கு முன்னாடி யார் வேணும்னாலும் மாத்தி எழுதலாம். அதனாலதான் அதை யாரும் ஏத்துக்க மாட்டாங்க. அன்னைக்கு சாயங்காலம் நாலு மணிதான் கடைசி நேரம். மூணரைக்குத்தான் சரியான வழி தெரிஞ்சது.

அந்த வழி இதுதான். மெயில் எந்த ஐடிக்கு வந்ததோ அதே ஐடியில, கம்ப்யூட்டர் பிரவுசர்ல ஜிமெயிலைத் திறங்க. மெயிலுக்குள்ள போனா, வலது பக்கம் தேதிக்குப் பக்கத்துல மூணு புள்ளி இருக்கும். அதுல Print கொடுங்க. புதுசா ஒரு பக்கம் திறக்கும், கூடவே பிரின்ட் பெட்டியும் வரும். அதுல Destination இடத்துல Save as PDF தேர்ந்தெடுத்து Save பண்ணுங்க, அவ்வளவுதான். நேரா Ctrl+P அடிக்காதீங்க. அது நீங்க திரையில பார்க்கிற ஜிமெயில் பக்கத்தை அப்படியே பிரின்ட் பண்ணப் பார்க்கும், to me உட்பட. மூணு புள்ளி வழியா போனாத்தான் ஜிமெயில் பிரின்டுக்குன்னே தனியா ஒரு பக்கம் தயார் பண்ணும். அதுல சப்ஜெக்ட், அனுப்பினவர் பேரும் முழு ஐடியும், வருஷத்தோட தேதி, நேரம், பெறுநரோட ஐடி எல்லாம் வரும்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். பிரின்ட் பெட்டியில Headers and footers னு ஒரு டிக் இருக்கும். அதுக்கும் மெயில் ஹெட்டருக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க பிரின்ட் எடுத்த தேதி, பக்கத்தோட முகவரி, பக்க எண் இதையெல்லாம் தாளோட ஓரத்துல போடறது அது. மேல் மூலையில வர்ற அந்தத் தேதியை மெயில் வந்த தேதின்னு நினைச்சு ஃபார்ம்ல எழுதினவங்க எங்க கிளாஸ்லயே இருக்காங்க. மெயில் தேதி அனுப்பினவர் பேர் இருக்கிற வரியில, வலது பக்கம் இருக்கும். அதைத்தான் எடுக்கணும்.

மேல சப்ஜெக்ட் வரியில ஒரு பிரின்டர் ஐகானும் இருக்கு, அது Print all. பதில் மேல பதில்னு போன மொத்தப் பேச்சையும் அது எடுக்கும். அப்படி எடுக்கும்போது, பதிலுக்குக் கீழ இருக்கிற பழைய வரிகளுக்குப் பதிலா [Quoted text hidden] னு வரும். எதையோ நீங்க மறைச்ச மாதிரி தெரியும். ஒரு மெயில் மட்டும் போதும்னா, அந்த மெயிலோட மூணு புள்ளியிலயே எடுங்க. அட்டாச்மென்டும் உள்ளே வந்துடும்னு நினைக்காதீங்க. ஃபைல் பேரும் சைஸும் மட்டும்தான் வரும், ஃபைலைத் தனியா டவுன்லோட் பண்ணிச் சேர்க்கணும்.

பெரும்பாலான விண்ணப்பத்துக்கு இது போதும். ஆனா "இது நிஜமாவே அந்தக் கம்பெனியிலிருந்து வந்ததா?"னு யாராவது கேட்டா, பிடிஎஃப் பதில் சொல்லாது. ஏன்னா பிடிஎஃப்பை எடிட் பண்ணலாம். அதுக்கு அதே மூணு புள்ளியில Show original இருக்கு. கம்ப்யூட்டர்ல மட்டும்தான் கிடைக்கும். அந்தப் பக்கத்து மேல ஒரு சின்ன அட்டவணை இருக்கும். அதுல Message ID ங்கிறது அந்த மெயிலுக்குன்னு கொடுத்த தனி அடையாளம், நம்ம ரோல் நம்பர் மாதிரி. கீழ SPF, DKIM னு வரிகள் இருக்கும். DKIM பக்கத்துல PASS னும் கம்பெனியோட டொமைன் பேரும் இருந்தா, மெயில்ல அந்த டொமைனோட டிஜிட்டல் கையெழுத்து இருக்கு, அது சரிபார்க்கப்பட்டிருக்குன்னு அர்த்தம். இந்தப் பக்கத்தையும் Ctrl+P போட்டு சேமிக்கலாம். ஆனா Pages ல முதல் பக்கம் மட்டும் கொடுங்க. இல்லைன்னா அட்டாச்மென்ட் எல்லாம் புரியாத எழுத்துகளா மாறி பக்கம் பக்கமா ஓடும்.

இங்க தேதியில ஒரு சிக்கல் வரும். என் பிடிஎஃப்ல ஜூன் 14, 2025, 12:35 AM னு இருந்தது. ஒரிஜினல்லயோ இப்படி:

```
Date: Fri, 13 Jun 2025 19:05:12 +0000
```

தேதியே வேறயான்னு பயந்துட்டேன். கடைசியில இருக்கிற +0000 தான் விஷயம். அது உலகப் பொது நேரம். நம்ம நேரம் அதைவிட அஞ்சரை மணி நேரம் முன்னாடி. 19:05 ஓட 5:30 கூட்டினா 24:35, அதாவது அடுத்த நாள் நடுராத்திரி தாண்டி 12:35. ரெண்டும் ஒரே நொடிதான். பிரின்ட் பக்கம் நம்ம நேரத்துக்கு மாத்திக் காட்டுது. ரெண்டு பேப்பரையும் சேர்த்துக் கொடுத்தா, இந்தக் கணக்கை ஒரு வரியில எழுதி வெச்சிடுங்க.

ஃபைனல் இயர்ல இருக்கிறவங்களுக்கு இன்னொரு வேலை இருக்கு. காலேஜ் ஐடி படிப்பு முடிஞ்சதும் மூடப்படலாம். மூடினா பிடிஎஃப்பைச் சரிபார்க்க ஒரிஜினலே இருக்காது. Show original பக்கத்துல Download Original னு இருக்கு. அதை அழுத்தினா .eml னு முடியற ஒரு ஃபைல் இறங்கும். ஹெட்டர், கையெழுத்து, அட்டாச்மென்ட் எல்லாம் அதுக்குள்ள அப்படியே இருக்கும். பிடிஎஃப்பையும் அதையும் ஒரே ஃபோல்டர்ல, ஒரே பேர்ல வைங்க. கொடுக்கறது பிடிஎஃப், நீங்க வெச்சுக்கறது .eml.

அன்னைக்கு மூணு அம்பதுக்கு என் பிடிஎஃப்பை சார் வாங்கிப் பார்த்தார். அனுப்பினவர் ஐடி மேல, தேதி மேல, என் ஐடி மேல பேனாவால ஒவ்வொரு டிக் போட்டார், கையெழுத்து போட்டார். நீங்களும் சேவ் பண்ணின பிடிஎஃப்பைத் திறந்து அந்த மூணு டிக்கையும் நீங்களே போட்டுப் பாருங்க. மூணும் விழுந்தா மட்டும் கொண்டு போய்க் கொடுங்க.