பார்சலுக்குள் ஒரு நன்றிச் சீட்டு

மதுரையில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலை விற்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டோ போடுகிறார், ஜிபேயில் பணம் வாங்குகிறார், கூரியரில் அனுப்புகிறார். சேலை விலை கூரியரோடு சேர்த்து 950 ரூபாய். எல்லாச் செலவும் போக ஒரு சேலைக்கு 200 ரூபாய் அவர் கையில் நிற்கிறது. கூரியர் ஒரு தடவைக்கு 70 ரூபாய் ஆகிறது.

பார்சல் கட்டும்போது சேலை மடிப்பின் மேல் அவர் ஒரு சின்னச் சீட்டு வைக்கிறார். ‘வாங்கியதற்கு நன்றி. ஐந்து ஸ்டார் போடுங்கள். ஓபனிங் வீடியோ இல்லாமல் டேமேஜ் ஏற்கப்படாது. நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்.’ இதே வாசகம் கொஞ்சம் முன்பின்னாக எத்தனையோ வீடுகளிலிருந்து கிளம்பும் பார்சல்களில் இருக்கிறது. நன்றியைத் தவிர அதில் உள்ள எல்லாமே சிக்கல்.

கடைசி வரியை முதலில் பார்ப்போம். அந்த வரியை எழுத வைப்பது பயம், அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. ஒரு சேலை கறையோடு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திரும்ப வரவழைக்க 70 ரூபாய், வேறு சேலை அனுப்ப இன்னொரு 70 ரூபாய் என்று 200 ரூபாய் லாபத்தில் 140 கரைந்துவிடும். பணத்தையே திருப்பிக் கொடுத்தால் லாபமும் இல்லை, போகவர ஆன 140 ரூபாயும் நஷ்டம். கறைபட்ட சேலையை நெசவாளரோ மொத்த வியாபாரியோ திரும்ப வாங்காவிட்டால் முதலுக்கே அடி. மாதம் இருபது முப்பது சேலை விற்கிறவருக்கு இது பெரிய தொகைதான்.

ஆனாலும் அந்த வரிக்குச் சட்டத்தில் இடமில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிகப் பழக்கங்கள் எவை என்று பட்டியலிடுகிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதில் இருக்கின்றன. எத்தனை நாளுக்குள் என்பதற்கும் விடை உண்டு. பில்லிலோ ரசீதிலோ விற்பவர் ஒரு கெடு எழுதியிருந்தால் அந்தக் கெடு. ஒன்றும் எழுதாவிட்டால் 30 நாள். பில் கொடுக்காமல் விற்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. வீட்டில் விற்கிறவர்கள் பலர் கவனிக்காத இடம் இதுதான். சட்டம் பார்ப்பது பில்லை. நன்றிச் சீட்டை அல்ல. ஏழு நாள் கெடு வேண்டுமென்றால் அதைச் சீட்டில் மட்டும் எழுதினால் போதாது, பில்லிலும் எழுத வேண்டும். கையால் எழுதிய பில்லாக இருந்தாலும் சரி.

குறையுள்ள பொருள் என்பதுதான் இங்கே முக்கியம். திரும்பி வரும் சேலைகள் இரண்டு வகை. கிழிசல், கறை, போட்டோவில் காட்டியது ஒன்று வந்தது வேறு என்பவை முதல் வகை. நேரில் பார்த்தபோது நிறம் மனசுக்குப் பிடிக்கவில்லை, வீட்டில் இதே போல் ஒன்று இருக்கிறது என்பவை இரண்டாவது வகை. முதல் வகையில் விற்பவருக்கு மறுக்கும் உரிமை இல்லை. இரண்டாவது வகையில், நேரடியாக விற்கும் ஒருவர் தன் விருப்பப்படி விதி வைத்துக்கொள்ளலாம். வாங்கமாட்டேன் என்றும் சொல்லலாம், கூரியர் செலவு உங்களுடையது என்றும் சொல்லலாம். ‘நோ ரிட்டர்ன்’ என்ற ஒரே வரி இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறது. படிக்கிறவருக்கோ, இவர் தப்பான சேலை அனுப்பினாலும் பொறுப்பேற்கமாட்டார் என்றுதான் அர்த்தமாகும்.

அடுத்தது ஓபனிங் வீடியோ. பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. வழியில் கூரியர்காரர் கையில் கிழிந்ததா, வாங்கியவர் வீட்டில் கத்தரிக்கோல் பட்டுக் கிழிந்ததா என்று மதுரையில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு எப்படித் தெரியும்? ஆனால் அந்த வேண்டுகோள் பார்சலுக்கு உள்ளே இருக்கிறது! அதைப் படிக்கிறவர் ஏற்கெனவே பிரித்துவிட்டார். பிரித்த பிறகு, ‘பிரிக்கும் முன் வீடியோ எடுத்தீர்களா?’ என்று கேட்பது அவரைச் சிக்கவைப்பது போலாகிவிடுகிறது. இந்த வரி இருக்க வேண்டிய இடம் பார்சலின் மேல் ஒட்டும் தாள். டிராக்கிங் நம்பர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியிலும் ஒருமுறை சொல்லிவிடலாம். அப்போதும் வீடியோவை உதவியாகத்தான் கேட்க வேண்டும். வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கறைபட்ட சேலை நல்ல சேலையாகிவிடாது. கறையின் போட்டோவும் பார்சல் கவரின் போட்டோவும் இருந்தால் பெரும்பாலும் விஷயம் புரிந்துவிடும்.

இப்படிச் சீட்டில் வந்து சேரக்கூடாத இன்னொரு செய்தியும் உண்டு. சுங்குடி என்றால் துணியில் சின்னச் சின்ன முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றி எடுத்த புள்ளிகள் என்றுதான் விஷயம் தெரிந்தவர்கள் நினைப்பார்கள். இப்போது அச்சில் புள்ளி வைத்த சேலைகளும் அதே பெயரில் விற்கின்றன. ‘இது அச்சுச் சுங்குடி’ என்று சீட்டில் எழுதினால் அதற்குள் பணம் போய்விட்டது. அது போட்டோவுக்குக் கீழே, விலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய வரி. காசு கொடுக்கும் முன் தெரிய வேண்டியது போட்டோவோடு, பிரிக்கும் முன் தெரிய வேண்டியது கவர் மேல், கெடு பில்லில். பிரித்த பிறகு தேவைப்படுவது மட்டும் சீட்டில் வர வேண்டும்.

இப்படி ஒதுக்கியபின் அந்தப் பெண்ணின் சீட்டை நான் எழுதினால் இப்படி எழுதுவேன். ஏ4 தாளை நான்காகக் கிழித்த அளவில் இது அடங்கிவிடும்:

‘வணக்கம். எங்களிடம் சேலை வாங்கியதற்கு நன்றி. முதல் இரண்டு மூன்று தடவை தனியாகத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

கிழிசல், கறை இருந்தாலோ வேறு சேலை வந்திருந்தாலோ 7 நாளுக்குள் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வேறு சேலையா, பணமா என்பது உங்கள் விருப்பம். கூரியர் செலவு எங்களுடையது.

நிறம் பிடிக்கவில்லை என்றால் 3 நாளுக்குள் சொல்லுங்கள். ஃபால்ஸ் தைக்காமல், பிளவுஸ் துணி வெட்டாமல், துவைக்காமல் இருந்தால் மாற்றித் தருகிறோம். இதற்குக் கூரியர் செலவு உங்களுடையது.

பணம் திருப்பி அனுப்ப உங்கள் ஓடிபியோ பின் நம்பரோ கேட்கமாட்டோம்.

சேலை எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். குறை இருந்தாலும் எழுதுங்கள்.’

‘துவைக்காமல்’ என்ற நிபந்தனை இரண்டாவது வகைக்கு மட்டும் வைத்திருப்பதைக் கவனியுங்கள். கொஞ்சம் சாயம் இறங்குவது எதிர்பார்க்கக்கூடியதுதான், அதனால்தான் தனியாக அலசச் சொல்கிறோம். ஆனால் முதல் அலசலிலேயே கரையின் சிவப்பு உடல் முழுக்கப் பரவித் திட்டுத்திட்டாகிவிட்டால் அது சாயத்தின் குறை. துவைத்தால்தான் அந்தக் குறையே வெளியில் வரும். ‘துவைத்துவிட்டீர்களே, இனி எடுக்கமாட்டோம்’ என்று அங்கே சொல்ல முடியாது. ஓடிபி வரிக்கும் காரணம் இருக்கிறது. பணம் வாங்குகிறவர் யுபிஐயில் பின் நம்பர் போடவே தேவையில்லை. ரீஃபண்ட் என்ற பெயரில் கியூஆர் அனுப்பி ஏமாற்றுகிறவர்கள் இருப்பதால், வாங்கியவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இனி ரிவ்யூ. நம் ஊர் ஓட்டல்களில் ஒரு போர்டு தொங்கும்: நிறை இருந்தால் பிறரிடம் சொல்லுங்கள், குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். ஓட்டல் சுவரில் அது பணிவான வாசகம். அதையே அமேசானில் விற்கும் பார்சலில் வைத்தால் விதிமீறல். நல்ல அனுபவம் உள்ளவர்களிடம் மட்டும் ரிவ்யூ கேட்பதை அமேசான் தடுக்கிறது. ரிவ்யூவுக்குக் கேஷ்பேக்கோ பரிசோ தருவதையும் தடுக்கிறது. கூகுள் மேப்பில் கடையைப் பதிந்து வைத்திருப்பவர்களுக்கும் இந்த இரண்டு தடைகளும் உண்டு. ‘ஐந்து ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 50 ரூபாய்’ என்று எழுதிய சீட்டை ஒரே ஒருவர் போட்டோ எடுத்துப் புகார் செய்தால், வருடக்கணக்கில் சேர்த்த விற்பனைக் கணக்கே முடங்கலாம். அதனால்தான் மேலே உள்ள சீட்டில் ஸ்டார் எண்ணிக்கை இல்லை, பரிசு இல்லை, குறையையும் எழுதச் சொல்லியிருக்கிறது.

அமேசான் போன்ற தளம் வழியாகப் போகும் பார்சலுக்கு இந்தச் சீட்டை அப்படியே வைக்கவும் கூடாது. அங்கே ரிட்டர்ன் அந்தத் தளத்தின் விதிப்படி, ஆர்டர் பக்கத்தின் வழியாகத்தான் நடக்கும். சொந்த வாட்ஸ்அப் நம்பர் கொடுத்து வாடிக்கையாளரைத் தன் பக்கம் இழுப்பதை அமேசான் அனுமதிப்பதில்லை. அந்தப் பார்சலுக்கு நன்றி, அலசும் முறை, ‘குறை இருந்தால் ஆர்டர் பக்கத்தில் ரிட்டர்ன் கேளுங்கள்’ ஆகிய மூன்று வரி போதும். இன்னொரு வரிக்கும் இடம் இருந்தால் எது எங்கே எழுத வேண்டியது என்று சொல்லலாம். அங்கே பொருளைப் பற்றிய ரிவ்யூ வேறு, விற்றவரைப் பற்றிய கருத்து வேறு. பேக்கிங் சரியில்லை என்ற கோபத்தில் சேலைக்கு ஒரு ஸ்டார் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

விற்பவரையும் வாங்குபவரையும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதவைக்கும் ஏற்பாட்டை 1996இல் தொடங்கிவைத்தது அமெரிக்காவின் ஈபே நிறுவனம். அங்கே இரு தரப்பும் நல்லதும் எழுதலாம், கெட்டதும் எழுதலாம். நாளடைவில் வாங்கியவர்கள் குறை எழுதத் தயங்கினார்கள். எழுதினால் விற்றவர் பதிலுக்குத் தன்னைப் பற்றி மோசமாக எழுதிவிடுவாரோ என்ற பயம். 2008இல் ஈபே, விற்பவர்கள் வாங்கியவர்களைப் பற்றி மோசமாக எழுதும் வசதியையே எடுத்துவிட்டது. விற்றவர்கள் அப்போது கொதித்தார்கள் என்றாலும் அந்த முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

வாட்ஸ்அப் வியாபாரத்தில் அதே பயம் வேறு உருவில் வருகிறது. ‘சேலை சூப்பர் அக்கா’ என்று ஒருவர் அனுப்பியதைப் பெயரும் நம்பரும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிடுகிறார்கள். இதைப் பார்த்த இன்னொருவர் வாயே திறக்கமாட்டார். சீட்டில் இடம் இருந்தால், ‘உங்களைக் கேட்காமல் உங்கள் செய்தியை ஸ்டேட்டஸில் போடமாட்டோம்’ என்று சேர்த்துவிடலாம். சேர்த்தால் அதன்படி நடக்கவும் வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சீட்டைக் குப்பையில் போடாமல் பில்லோடு சேர்த்து, குறைந்தது முதல் அலசல் முடியும்வரை வைத்திருங்கள். குறையைப் போனில் சொன்னாலும் போட்டோவோடு எழுத்திலும் அனுப்புங்கள். தேதி அதிலேயே பதிவாகிவிடும். சீட்டில் ‘நோ ரிட்டர்ன்’ என்று இருந்தால், கிழிந்த சேலையோடு பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. முதலில் விற்றவரிடமே பணிவாகக் கேளுங்கள். பாதிப் பேருக்குச் சட்டம் தெரியாது, தெரிந்தால் கொடுத்துவிடுவார்கள். அப்போதும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். பில்லும், பணம் போன விவரமும், நீங்கள் அனுப்பிய போட்டோவும் கையில் இருக்கட்டும்.