ஒரே புடவை, இரண்டு இடுப்பு

அக்காவின் பட்டுப் புடவையைத் தங்கை கட்டிக்கொண்டு வந்தால், அது அதே புடவைதானா என்று கேட்கும்படி மாறியிருக்கும். அக்காவுக்குக் கொசுவம் போதவில்லை. தங்கைக்கோ வயிற்றுக்கு முன்னால் துணி பொட்டலமாக நிற்கிறது. புடவையின் நீளம் எல்லோருக்கும் ஒன்று, சுற்றளவு ஆளுக்கு ஆள் வேறு என்பதுதான் இதற்குக் காரணம். ஆகவே கொசுவம் பிடிக்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ரவிக்கைத் துணி நீங்கலாகப் புடவை ஏறத்தாழ ஐந்தரை மீட்டர், அதாவது 216 அங்குலம். அக்காவின் இடுப்புச் சுற்றளவு 46 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றுக்கு 46 போகிறது. தோளிலிருந்து முழங்கால் பின்புறம் வரை தொங்கும் முந்தானைக்கு ஒரு 36. இடது தோளிலிருந்து மார்பைக் கடந்து வலது இடுப்புக்கு இறங்க 28. அங்கிருந்து முதுகுப்பக்கமாகச் சுற்றி முன்னால் வர முக்கால் சுற்று, அதாவது 35. மொத்தம் 145. கொசுவத்துக்கு மிஞ்சுவது 71 அங்குலம். தங்கையின் இடுப்பு 34 என்றால், இதே கணக்கில் 124 போய் 92 அங்குலம் மிஞ்சும்.

ஒரு மடிப்பின் ஆழம் 5 அங்குலம் என்றால் அது 10 அங்குலத் துணியை எடுத்துக்கொள்ளும். அக்காவுக்கு ஏழு மடிப்பு வரும், தங்கைக்கு ஒன்பது. மடிப்பு ஒன்றுக்கு இரண்டு அடுக்குத் துணி வயிற்றின்மேல் உட்காருகிறது என்பதை மறக்கக் கூடாது.

பருமனானவர்கள் மெல்லிய மடிப்பாகப் பிடிக்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்றரை அங்குலமாகப் பிடித்தால் அக்காவுக்குப் பத்து மடிப்பு, இருபது அடுக்கு வரும். அத்தனையும் குறுகிய இடத்தில் அடுங்கி, இருக்கும் வயிற்றை இன்னும் முன்னால் தள்ளும். 6 அங்குலமாகப் பிடித்தால் ஆறே மடிப்பு, பன்னிரண்டு அடுக்குதான். செருகும்போது மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்காமல் அரை அங்குலம் அரை அங்குலமாகத் தள்ளி வைத்தால் கனம் பரவி, முன்பக்கம் தட்டையாக விழும். ஆனால் ஐந்துக்குக் கீழே போக வேண்டாம். நடக்கும்போது விரியத் துணி இல்லாமல், படியேறினால் புடவை முழங்காலில் பிடிக்கும். துணி போதாவிட்டால் முந்தானையில் மூன்று நான்கு அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். கூடவே, உள்பாவாடையின் சுருக்கம் முழுவதும் பின்பக்கம் வரும்படி நாடாவைத் தள்ளிவிட வேண்டும்.

தங்கையின் சிக்கல் நேர் எதிர். நான்கு அங்குலமாகப் பிடித்தால் பதினொரு மடிப்பு வந்து ஒல்லி இடுப்பில் மூட்டை கட்டியதுபோல் இருக்கும். முந்தானையை ஓர் அங்குலம் நீட்டிவிட்டு, மீதி 91 அங்குலத்தை ஆறரை அங்குல ஆழத்தில் பிடித்தால் சரியாக ஏழு மடிப்பு. கஞ்சி போட்ட பருத்தியோ விறைப்பான பட்டோ என்றால் இந்த அகல மடிப்பு கீழே நன்றாக விரிந்து உடலுக்கு ஒரு நிறைவைக் கொடுக்கும். ஜார்ஜெட்டில் இது நடக்காது. அது உடலோடு ஒட்டி, எலும்பைத்தான் எடுத்துக் காட்டும்.

நம் ஊர்ப் பின்கொசுவக் கட்டை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மடிப்புகள் முதுகுப்பக்கம் போய்விடுவதால் வயிறு பெரிதாக இருப்பவர்களுக்கு முன்பக்கம் சுத்தமாக இருக்கும். இடுப்பே இல்லாத ஒல்லி உடலுக்கும் பின்னால் விரியும் மடிப்பு அழகு சேர்க்கும். வயிறு சிறுத்து இடுப்பு அகன்றவர்களுக்கு மட்டும் இது அவ்வளவாகப் பொருந்தாது.

அடுத்து முந்தானை. பருமனானவர்களுக்கு நான்கு அங்குல மடிப்பாக அடுக்கி, ரவிக்கையின் தோள் தையலுக்குச் சற்றுப் பின்னால் ஊக்கு குத்தினால் முன்னால் ஊக்குத் தெரியாது, எடையும் பின்னால் சரியாது. இரண்டு கையையும் மேலே தூக்கி இறக்கிவிட்டுப் பிறகு குத்துங்கள். ஊக்கிலிருந்து மார்புக்குக் குறுக்கே கதிர்போல் சுருக்கம் ஓடினால் துணி இழுபடுகிறது என்று பொருள். ஊக்கைக் கழற்றி ஓர் அங்குலம் முன்னால் தளர்த்தினால் சுருக்கம் மறையும். மேல் மடிப்பு கழுத்தை ஒட்டியும், கடைசி மடிப்பு தளர்வாகவும் இருந்தால் இடுப்புப் பக்கம் திறந்து கிடக்காது.

ஒல்லியானவர்களின் தோள் குறுகலானது. அதில் நான்கைந்து அங்குல அடுக்கு வைத்தால் தோளைத் தாண்டித் தொங்கும். மடிக்காமல் ஒற்றையாக விட்டு, மேல்கரையில் மட்டும் ஓர் ஊக்குக் குத்தி, மீதியைக் கையில் வழியவிட்டால் மேல் உடல் நிறைந்து தெரியும். மடித்தே ஆக வேண்டுமென்றால் மூன்று அங்குலம் போதும். பட்டாக இருந்தால் ஊக்கின் சுருளில் ஒரு சிறு மணியைக் கோத்துவிட்டுக் குத்துங்கள். சரிகை அந்தச் சுருளில் மாட்டிக் கிழிவதுதான் அதிகம், ஊசி முனையால் அல்ல.