கரண்ட் பில் கட்ட ஒரு வீடியோ: படிப்படியாகவும், ஏமாறும் இடங்களோடும்

சென்ற மாதம் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு, ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு சகோதரி நம் அலுவலகத்துக்குப் பதற்றத்தோடு வந்தார். அவருடைய போனில் ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் வந்திருந்தது. போன மாத பில் பதிவாகாததால் இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்குப் பேசவும் என்பது அதன் சாரம். வீட்டில் படுக்கையில் இருக்கும் மாமியார், வெளிநாட்டில் கணவர். கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அந்த எண்ணை அழைக்கப் போனவர், பக்கத்து வீட்டுப் பெண் தடுத்ததால் நம்மிடம் வந்தார்.

அந்த எஸ்எம்எஸ் பொய். 2022ஆம் ஆண்டிலிருந்து இதே வாசகம் நாடு முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதை நம்பவேண்டாம் என்று தமிழ்நாடு மின்வாரியமும் காவல்துறையும் அப்போதே எச்சரித்தன. ஆனாலும் சொந்தமாகப் பில் கட்டத் தெரியாத வீடுகளில் அந்தப் பயம் இன்றும் வேலை செய்கிறது. அதனால் போன் திரையைப் பதிவு செய்து, உண்மையான ஒரு பில்லைக் கட்டிக் காட்டும் ஏழு நிமிட வீடியோ ஒன்றை நம் இளைஞர்கள் தயாரித்திருக்கிறார்கள். அதில் உள்ளதை, வீடியோ பார்க்க வசதியில்லாதவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறோம்.

வீடியோவின் கட்டங்கள்

வீடியோவை முழுதாக ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. கீழே விளக்கக் குறிப்பில் நேரங்களைக் கொடுத்திருக்கிறோம். வேண்டிய நேரத்தின் மேல் விரலை வைத்தால் அந்த இடத்துக்கே போய்விடும்.

```
0:00 வெள்ளை அட்டையும் இணைப்பு எண்ணும்
1:20 செயலியில் மின்வாரியத்தைத் தேர்வு செய்தல்
2:30 பெயரையும் தொகையையும் சரிபார்த்தல்
3:40 பணம் கட்டுதல், ரசீது
4:50 பணம் போய் பில் பதியாவிட்டால்
5:40 மோசடி எப்படி நடக்கிறது
```

உங்கள் மொஹல்லாவிலும் யாராவது இப்படி வீடியோ செய்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். யூடியூபில் இந்தக் கட்டங்கள் தெரிய வேண்டுமானால் பட்டியல் 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று நேரங்கள் வரிசையாக இருக்க வேண்டும், ஒவ்வொரு கட்டமும் பத்து விநாடிக்குக் குறையக் கூடாது. பதிவைத் தொடங்கும் முன் போனில் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் நடுவில் வரும் வங்கிச் செய்தி வீடியோவில் ஏறிவிடும். அட்டையில் உள்ள பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டே வெளியிடுங்கள்.

முதல் கட்டம்: அட்டை

வீட்டில் இருக்கும் வெள்ளை மீட்டர் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மின் இணைப்பு எண் துண்டு துண்டாக எழுதியிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் மண்டலம், அடுத்த மூன்று பிரிவு அலுவலகம், அடுத்த மூன்று பகிர்மானம், கடைசியாக வருவது உங்கள் வீட்டு எண். இவற்றை இடைவெளியும் கோடும் இல்லாமல் ஒரே எண்ணாகத் தட்டச்சு செய்ய வேண்டும். முதலில் உள்ள சைபரை விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அதை விட்டால் பில் வராது, அல்லது வேறு யாருடைய பில்லோ வரும்.

அதே அட்டையில் ரீடிங் எடுத்த தேதியையும் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். அந்த நாளிலிருந்து 20 நாட்கள் பணம் கட்ட அவகாசம் உண்டு. நம்மிடம் வந்த சகோதரியின் அட்டையில் ரீடிங் 4ஆம் தேதி எழுதப்பட்டிருந்தது. அவருக்கு 24ஆம் தேதி வரை நேரம் இருந்தது. எஸ்எம்எஸ் வந்ததோ 11ஆம் தேதி. யாரையும் கேட்காமலே, அட்டையை மட்டும் வைத்து அது பொய் என்று கணக்குப் போட்டிருக்கலாம்.

இரண்டாம், மூன்றாம் கட்டம்: தேர்வும் சரிபார்ப்பும்

வீடியோவில் கூகுள் பே செயலியைக் காட்டியிருக்கிறோம். ஃபோன்பே, பேடிஎம், வங்கிகளின் சொந்தச் செயலிகள் எல்லாவற்றிலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். பில் கட்டும் பகுதிக்குள் போய் மின்சாரம் என்பதைத் தொட்டு, பட்டியலில் Tamil Nadu Electricity Board என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணைப்பு எண்ணைக் கொடுத்ததும் செயலி மின்வாரியத்திடம் கேட்டுப் பில்லைக் கொண்டுவரும்.

இங்கே அவசரப்படாதீர்கள். திரையில் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரும், கட்ட வேண்டிய தொகையும், கடைசி தேதியும் வரும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் பெயர் வரும். பழைய வீடுகளில் மறைந்த தாத்தாவின் பெயர்கூட வரலாம். அதனால் தவறில்லை. ஆனால் அட்டையில் உள்ள பெயரும் திரையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். தொகையை நீங்கள் தட்டச்சு செய்வதில்லை, அது தானாகவே வருகிறது. சகோதரியின் திரையில் 612 ரூபாய் என்று வந்தது. அட்டையில் எழுதியிருந்ததும் அதே 612தான்.

செயலி வேண்டாம் என்பவர்கள் மின்வாரியத்தின் www.tnebnet.org தளத்தில் கட்டலாம். முகவரியை நீங்களே எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். தேடிப் பார்த்து முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள், எஸ்எம்எஸ்ஸில் வரும் இணைப்பையும் தொடாதீர்கள்.

நான்காம் கட்டம்: கட்டுதல்

கட்டு என்பதைத் தொட்டால் யுபிஐ பின் கேட்கும். வீடியோவில் இந்த இடத்தில் திரை சில விநாடிகள் கறுப்பாகும். எங்கள் பதிவில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். பின் எழுதும் பக்கத்தை யாரும் பதிவு செய்ய முடியாதபடி செயலியே மறைத்துவிடுகிறது. இதை ஏன் சொல்கிறோம் என்பது மோசடிப் பகுதியில் விளங்கும்.

பணம் போனதும் பரிவர்த்தனை எண்ணோடு ரசீது வரும். அதைத் திரைப்படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சில நேரம் கணக்கில் பணம் கழிந்திருக்கும், ஆனால் செயலி நிலுவை என்று காட்டும். உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். சில மணி நேரம் கழித்து அதே இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பாக்கி எதுவும் இல்லை என்று வந்தால் பில் பதிந்துவிட்டது. யுபிஐயில் கணக்கிலிருந்து பணம் போயும் கட்டணம் உறுதியாகாவிட்டால், ஐந்து நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019ஆம் ஆண்டில் வகுத்த விதி. அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. வராவிட்டால் செயலிக்குள்ளேயே அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் செய்யுங்கள். கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடாதீர்கள். அங்கே போலி எண்களைப் போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள்.

கடைசிக் கட்டம்: மோசடி நடக்கும் விதம்

அந்தச் சகோதரி எண்ணை அழைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மரியாதையாக ஒருவர் பேசுவார். நீங்கள் கட்டிவிட்டீர்கள், ஆனால் கணினியில் பதியவில்லை, பத்து ரூபாய் கட்டினால் பதிந்துவிடும் என்பார். பத்து ரூபாய்தானே என்று நமக்கும் தோன்றும். பிறகு உதவிக்காக AnyDesk போன்ற ஒரு செயலியை இறக்கச் சொல்வார், அல்லது வாட்ஸ்அப்பில் .apk என்று முடியும் ஒரு கோப்பை அனுப்புவார்.

திரையைப் பகிரும் செயலி செய்வது, எங்கள் பையன்கள் வீடியோவுக்குச் செய்ததைத்தான். உங்கள் திரையில் தெரிவதெல்லாம் எங்கோ உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரியும். .apk கோப்பு இன்னும் மோசம். அதை நிறுவி, கேட்கும் அனுமதிகளைக் கொடுத்தால், உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்களை அவனே படிப்பான். யுபிஐ பின் பக்கம் மட்டும் கறுப்பாகிவிடுவதால் அது அவனுக்குத் தெரியாது. அதனால்தான் பின்னையோ ஏடிஎம் கார்டு எண்ணையோ அவன் அனுப்பும் ஒரு படிவத்தில் எழுதச் சொல்வான். அந்தப் படிவம் கறுப்பாகாது. ஓடிபி வரும்போது அதுவும் அவன் கண்ணில் படும்.

இந்த இடத்திலும் தப்பிக்க ஒரு வழி உண்டு. ஓடிபி செய்தியில் உள்ள எண்ணை மட்டும் பார்க்காமல் முழுதாகப் படியுங்கள். எவ்வளவு தொகைக்கு என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். பத்து ரூபாய் என்று அவன் சொல்லும்போது செய்தியில் 24,500 என்று இருந்தால் போனை அணைத்துவிடுங்கள்.

அடையாளங்கள் எளிமையானவை. மின்வாரியத்தின் செய்தி சாதாரண பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது, எந்தச் செயலியையும் இறக்கச் சொல்லாது. பில் பற்றிச் சந்தேகம் வந்தால் மின்னகம் சேவை மையத்தின் 94987 94987 எண்ணில் எந்நேரமும் கேட்கலாம்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். முதலில் போனில் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேறு போனிலிருந்து 1930 எண்ணை அழையுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க அவர்கள் முயற்சி செய்வார்கள். அந்தப் பணத்தை எடுத்துவிடுவதற்குள் சொன்னால்தான் பலன் உண்டு என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள். ஓடிபியை நாமே கொடுத்திருந்தால் அதுவரை போனது நம் பொறுப்பு, வங்கிக்குத் தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. பிறகு cybercrime.gov.in தளத்தில் எழுத்துமூலம் புகாரைப் பதியுங்கள்.

அந்தச் சகோதரி அன்றிரவு நம் அலுவலகத்திலேயே, தன் போனில், தன் கையால் 612 ரூபாயைக் கட்டினார். 9.30 மணி ஆனது, கரண்ட் போகவில்லை. மறுநாள் தன் லைனில் தைக்கும் நாலு பேருக்கு அந்த எஸ்எம்எஸ்ஸைக் காட்டி, வெள்ளை அட்டையில் தேதி பார்க்கச் சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னார்.