ஒரு சொட்டு டீசல், ஒரு மில்லிசெகண்டு

1.3 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல் கார் ஒன்று 4,000 ஆர்.பி.எம்.மில் முழு மூச்சாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தடவைக்கு வேண்டிய டீசல் சுமார் 40 கன மில்லிமீட்டர்தான். கண்ணுக்கு விடும் மருந்தில் ஒரு சொட்டு. அதற்குக் கிடைக்கும் அவகாசமோ அதைவிடச் சிறியது. அந்த வேகத்தில் கிராங்க் ஒரு மில்லிசெகண்டில் 24 டிகிரி திரும்பிவிடுகிறது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை மட்டும் இறுக்கிச் சூடேற்றுகிறது. அது உச்சியை நெருங்கும்போது டீசல் பீய்ச்சப்பட்டுத் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆகவே டீசல் எப்போது நுழைகிறதோ அதுதான் தீ பிடிக்கும் நேரத்தையும் முடிவு செய்கிறது. முன்கூட்டியே வந்தால் இன்ஜின் தட்டும். தாமதமானால் பிஸ்டன் பாதி வழி இறங்கிய பிறகு எரிந்து, வெப்பம் வீணாகி, புகையாக வெளியேறும்.

அழுத்தத்தின் தேவை இங்கேதான் வருகிறது. டீசல் நன்றாக எரிய நுண்துளிகளாகச் சிதற வேண்டும். அதற்கு இன்ஜெக்டர் முனையின் துளைகள் மிகச் சிறியவையாக இருக்க வேண்டும். ஏழு துளைகள், ஒவ்வொன்றும் 0.12 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 1,600 பார் அழுத்தத்தில் டீசல் அவற்றின் வழியே நொடிக்கு 600 மீட்டர் அளவில், அதாவது ஒலியை முந்திக்கொண்டு பாயும். கணக்குப் போட்டால் நம் ஒரு சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டில் உள்ளே போய்விடும். கிராங்க் கணக்கில் 24 டிகிரி. பிஸ்டன் இன்னும் உச்சியை ஒட்டியே இருக்கும்.

அழுத்தத்தை 400 பாராகக் குறைத்தால் என்ன ஆகும்? கால் பங்கு அழுத்தத்தில் வேகம் பாதியாகும், நேரம் இரட்டிப்பாகும். 48 டிகிரி என்பது மிகவும் தாமதம். துளைகளைப் பெரிதாக்கி நேரத்தை மிச்சப்படுத்தலாமே என்றால், துளிகள் பருத்து நடுவில் எரியாத கரி மிஞ்சும். சிறிய துளையும் வேண்டும், குறுகிய நேரமும் வேண்டும் என்றால் அழுத்தத்தை ஏற்றுவதைத் தவிர வழியில்லை.

பழைய பம்புகளில் அழுத்தம் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கியது. மேட்டில் மெதுவாக முக்கி ஏறும் லாரி கரும்புகை கக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். காமன் ரெயிலில் பம்பின் வேலை தனி, பீய்ச்சும் வேலை தனி. மோட்டார் எப்போது ஓடினாலும் மாடித் தொட்டியில் நீர் இருப்பதுபோல, ரெயில் என்ற தடித்த எஃகுக் குழாயில் டீசல் அழுத்தத்தோடு காத்திருக்கும். ஐடிலில் சுமார் 300 பார், முழு ஓட்டத்தில் 1,600 அல்லது அதற்கும் மேல் என்று அதை ஏற்றி இறக்குவது ஈ.சி.யூ. என்னும் கணினி. ஜப்பானில் ஹினோ லாரியில் 1995-இலும், ஆல்ஃபா ரோமியோ 156 காரில் 1997-இலும் இந்த முறை விற்பனைக்கு வந்தது.

கிராங்கோடு சுழலும் பல்சக்கரத்தைச் சென்சார் கவனிக்கிறது. ஓரிடத்தில் மட்டும் பல் இருக்காது. அந்த இடைவெளிதான் கணினிக்குத் தொடக்கப் புள்ளி. அங்கிருந்து பல் எண்ணி, ரெயிலின் அழுத்தத்தையும் பார்த்து, எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று அது முடிவு செய்கிறது. பெரும்பாலும் முதலில் ஒன்றிரண்டு கன மில்லிமீட்டர் மட்டும் தெளித்துச் சின்னத் தீ மூட்டிவிட்டு, பிறகே மீதியை அனுப்பும். பழைய டீசலின் ‘கடகட’ ஓசை அடங்கியது அதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இன்ஜெக்டருக்குள் இருக்கிறது. அதன் ஊசியை 200 கிலோ எடைக்கு ஈடான விசை மேலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும். விரல் அளவு மின்காந்தம் அதைத் தூக்க முடியாது. தூக்குவதும் இல்லை. ஊசிக்கு மேலுள்ள சிற்றறையின் குண்டு வால்வை மட்டும் அது இம்மியளவு திறக்கிறது. அங்குள்ள டீசல் ரிட்டர்ன் குழாய்க்கு வடிந்து, மேலே அழுத்தம் சரிகிறது. கீழே உள்ள ரெயில் அழுத்தமே ஊசியைத் தூக்கிவிடுகிறது.

பழுதும் அங்கேயே தொடங்கும். தூசியோ தண்ணீரோ கலந்த டீசல் குண்டு வால்வின் இருக்கையை அரித்தால், மூடியிருக்கும்போதும் டீசல் ரிட்டர்னுக்குக் கசியும். ஸ்டார்ட் ஆவதற்குப் பெரும்பாலான கார்களில் ரெயில் 200 பார் அளவையாவது எட்ட வேண்டும். கசிவு மிஞ்சினால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. டீசல் இளகியிருக்கும் சூட்டில் தொல்லை இன்னும் அதிகம்.

முன்பு மெக்கானிக்குகள் ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் மக்கர் செய்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். இதில் அப்படிச் செய்யவே கூடாது. சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதற்குப் பதில், ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி நான்கு சின்ன பாட்டில்களில் விட்டு, சில நிமிடம் ஐடிலில் ஓட்டுகிறார்கள். எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறதோ அந்த இன்ஜெக்டரைத்தான் கழற்ற வேண்டும். புதிதை மாட்டியதும் அதன் தலையில் பொறித்த குறியீட்டைப் பல கார்களில் ஈ.சி.யூ.வில் பதிய வேண்டும். ஏனென்றால் இரண்டு இன்ஜெக்டர்கள் ஒரே நேரத்துக்குத் திறந்தாலும் விடும் அளவு கொஞ்சம் மாறும்.