மாரடைப்புக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும்

“அடுத்த பத்தாண்டுகளில் உங்களுக்கு மாரடைப்பு வர 16 சதவீத வாய்ப்பு இருக்கிறது” என்று டாக்டர் சொல்கிறார். இந்த 16 எப்படி வந்தது, இதை எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் 1948-ல் 5,209 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம், சர்க்கரை நோய் போன்றவற்றைக் குறித்துக்கொண்டு, யாருக்கெல்லாம் இதய நோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். எந்தக் காரணிக்கு எவ்வளவு பங்கு என்று கணித்துச் சூத்திரமும் அமைத்தார்கள். ஆனால் ஒரு சூத்திரம் தான் பிறந்த தரவுக்கு எப்போதும் நன்றாகவே பொருந்தும். அதன் தரம் புதிய நோயாளிகளிடம்தான் தெரியும்.

அங்கே இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது, பிரித்தறியும் திறன். பின்னாளில் நோய் வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் ஜோடியாக எடுத்தால், வந்தவருக்குத்தான் சூத்திரம் அதிக ஆபத்து சொல்லியிருந்ததா? எல்லா ஜோடிகளிலும் சரியாகச் சொன்னால் மதிப்பெண் 1. பாதி ஜோடிகளில் மட்டும் சரியென்றால் 0.5, அதாவது நாணயம் சுண்டுவதற்குச் சமம்.

இரண்டாவது, அளவுப் பொருத்தம். 16 சதவீதம் என்று சொல்லப்பட்ட நூறு பேரில் உண்மையிலேயே சுமார் 16 பேருக்கு நோய் வந்ததா? புதிய நோயாளிகளை ஆபத்து வாரியாகப் பத்துக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் கணித்ததையும் நடந்ததையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

பிரிட்டனில் 6,643 நடுத்தர வயது ஆண்களிடம் ஃப்ரேமிங்ஹாம் சூத்திரத்தைச் சோதித்த முடிவு 2003-ல் வெளியானது. பத்தாண்டுகளில் 16 சதவீதம் பேருக்கு இதய நோய் வரும் என்றது சூத்திரம். வந்ததோ 10.2 சதவீதம் பேருக்குத்தான். ஆயிரம் பேருக்கு 58 பேர் கூடுதலாக எண்ணப்பட்டார்கள். அமெரிக்காவில் மாரடைப்பு மரணங்கள் உச்சத்தில் இருந்த காலத்துத் தரவும் அந்தச் சூத்திரத்தில் கலந்திருந்தது இதற்கு ஒரு காரணம்.

முதல் சோதனை மட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது. எல்லோருடைய ஆபத்தையும் இரு மடங்காக்கினாலும் வரிசை மாறாது, மதிப்பெண்ணும் குறையாது. ஆனால் ‘20 சதவீதத்தைத் தாண்டினால் மாத்திரை’ என்று விதி இருந்தால், உண்மையில் 12 சதவீத ஆபத்து உள்ளவரும் வாழ்நாள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டியிருக்கும்.

இதற்காகச் சூத்திரத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. காரணிகளின் பங்கை அப்படியே வைத்துக்கொண்டு, அந்தந்த ஊரில் நோய் வரும் விகிதத்தையும் காரணிகளின் சராசரியையும் மாற்றிப் பொருத்தலாம். சீன மக்களிடம் இப்படிச் செய்தபோது கணிப்பு நிஜத்தை நெருங்கியது என்று 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது.

உங்களுக்கு யாராவது ஆபத்துச் சதவீதம் சொன்னால், அந்தக் கணக்கு நம்மைப் போன்றவர்களிடம் சோதிக்கப்பட்டதா, சொன்ன எண்ணும் நடந்த எண்ணும் ஒத்துப்போயினவா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.