கடிகாரம் சரியாக வகுபடாதபோது

மழைமானியின் அளவீடுகளைக் கணிப்பொறிக்கு அனுப்பும் சிறு கருவியில், ஒரே கம்பி வழியாகப் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. இப்பணியைச் செய்யும் மின்சுற்றுக்கு யூஆர்ட் என்று பெயர். கடிகாரத் துடிப்பைக் கொண்டு செல்லத் தனிக் கம்பி இல்லை. அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் தத்தம் கடிகாரத்தையே நம்பியுள்ளன. வினாடிக்கு இத்தனை பிட்டுகள் என்னும் பாட் வீதத்தை மட்டும் இரண்டிலும் முன்னரே ஒன்றாக அமைத்துவிடுவர்.

ஓய்வில் கம்பி 1 என்ற நிலையில் இருக்கும். அது 0-க்கு இறங்குவதே தொடக்க பிட். அடுத்து, கடைநிலைப் பிட் முதலாக 8 தரவுப் பிட்டுகள் வரும். முடிவில் 1 நிலையில் நிறுத்த பிட் வரும். இப்பத்தும் சேர்ந்தது ஒரு சட்டகம். பெறும் கருவி, முதல் இறக்கத்தைக் கண்டதும் காலத்தை எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் கம்பியைப் பார்க்கிறது. நிறுத்த பிட்டின் நடுப்பகுதி 9½ பிட் தொலைவில் உள்ளது. ஆதலால் வேகப் பிழையும் அங்கு 9½ மடங்காகத் திரண்டு நிற்கும். அது அரை பிட்டைத் தாண்டினால், பார்வை பிட்டின் எல்லைக்கு அப்பால் விழும். எனவே 5 விழுக்காட்டுப் பிழையே ஏறக்குறைய எல்லை. நடைமுறையில் 2 விழுக்காட்டுக்குள் அடக்குவது நலம்.

இப்பிழை எவ்வாறு எழுகிறது? பல நுண்கட்டுப்பாட்டிகள் தம் கடிகாரத்தை 16-ஆலும், பின்னர் ஒரு முழு எண்ணாலும் வகுத்துப் பாட் வீதத்தைப் பெறுகின்றன. 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்திலிருந்து 9600 பெற 52.08 ஆல் வகுக்கவேண்டும். 52 என்று வைத்தால் 9615 கிடைக்கும், பிழை 0.16 விழுக்காடே. ஆனால் 115200 பெற 4.34 ஆல் வகுக்கவேண்டும். 4 என்று வைத்தால் கிடைப்பது 125000; பிழை 8.5 விழுக்காடு.

இவ்வேகத்தில் 'A' என்னும் எழுத்தை (0x41) அனுப்புவதாகக் கொள்வோம். அனுப்பும் பிட் ஒவ்வொன்றும் 8 மைக்ரோவினாடி நீளம். பெறும் கருவி எதிர்பார்ப்பதோ 8.68. ஆறாம் தரவுப் பிட்டைத் தேடி 56.4 ஆம் மைக்ரோவினாடியில் அது கம்பியைப் பார்க்கிறது; அப்பிட் 56-இலேயே முடிந்துவிட்டது. ஆகவே ஆறாவதன் இடத்தில் ஏழாவதும், ஏழாவதன் இடத்தில் எட்டாவதும், எட்டாவதன் இடத்தில் நிறுத்த பிட்டும் பதிவாகின்றன. கிடைப்பது 0xA1.

நிறுத்த பிட்டைத் தேடும் பார்வை 82.5-இல் விழுகிறது. பைட்டுகள் இடைவெளியின்றி வந்தால், அங்கே அடுத்த தொடக்க பிட்டின் 0 இருக்கும். கருவி சட்டகப் பிழை என அறிவிக்கும். தனி எழுத்தாயின் அங்கே ஓய்வு நிலையின் 1 இருக்கும்; யாதொரு அறிவிப்புமின்றித் தவறான எண்ணே பதிவாகிவிடும். எனவே சட்டகப் பிழை தோன்றாமையைக் கொண்டு தரவு சரி என முடிவு செய்தல் ஆகாது.

ஐயமெழுந்தால் 'U' என்னும் எழுத்தை (0x55) அனுப்பி, அலைகாட்டியில் ஒரு பிட்டின் அகலத்தை அளக்கலாம். அதில் 0, 1 மாறிமாறி வரும். அகலம் 8.68-க்குப் பதில் 8 எனக் கண்டால் குறை வகுத்தலில் உள்ளது. வேகத்தை 38400 ஆக்கினால் பிழை 0.16 விழுக்காடாகக் குறையும். 115200-ஏ வேண்டுமாயின் 7.3728 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பொருத்தலாம். அது மீதமின்றி வகுபடும்.