திரைச்சீலையில் ‘கி’, பொட்டலத்தில் ‘நமா’

‘பீமனின் கதை’ என்று எழுதியிருந்தால், அது பீமனின் வரலாறா, அவன் தோளில் சுமக்கும் ஆயுதமா என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. புத்தக அட்டையில் இருந்தால் ஒன்று, பொம்மைக் கடையில் இருந்தால் இன்னொன்று. இரண்டுக்கும் உச்சரிப்பும் வேறு. தமிழில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் இந்தச் சிக்கல் ஜப்பானியத் தெருக்களில் கடைக்குக் கடை தொங்குகிறது. சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துக்குச் சீன ஒலியை ஒட்டிய வாசிப்பும் உண்டு. அதே பொருள் கொண்ட ஜப்பானியச் சொல்லின் வாசிப்பும் உண்டு. அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2136 காஞ்சி எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் 生 என்ற ஒரே எழுத்துக்கு மட்டும் 12 வாசிப்புகள்.

இரண்டு புகைப்படங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 生そば என்றே இருக்கிறது. பின்னால் வரும் இரண்டு எழுத்துகள் ‘சொபா’. பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்யும் நூடுல்ஸ். அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுப்பவர் இரண்டு படங்களுக்கும் ‘பச்சை நூடுல்ஸ்’ என்று எழுதிவிடுவார்.

முதல் படத்தில் அந்தச் சொல் ஓர் உணவகத்தின் வாசலில், நோரென் எனப்படும் துணித் திரைச்சீலையில் இருக்கிறது. அங்கே 生 ‘கி’ என்று ஒலிக்கும். கலப்பில்லாத, சுத்தமான என்று பொருள். பக்வீட் மாவு எளிதில் உதிர்ந்துவிடும். அதனால் கோதுமை மாவைச் சேர்த்துப் பிசைவது வழக்கமானது. அப்படிக் கலக்காத நூடுல்ஸ் எங்களுடையது என்ற பெருமைதான் ‘கிசொபா’. இன்று கோதுமை கலக்கும் கடைகளும் இதே திரைச்சீலையைத் தொங்கவிடுகின்றன. எனவே வாசலில் பார்த்தால், ‘இது சொபா கடை’ என்று மொழிபெயர்ப்பதே நேர்மையானது. ‘நூறு சதவீதம் பக்வீட்’ என்று எழுதினால் கடைக்காரர் தராத வாக்குறுதியை நாம் தந்துவிடுவோம்.

இரண்டாவது படம் ஒரு கடையின் குளிர்பதன அலமாரி. பிளாஸ்டிக் பொட்டலத்தில் அதே எழுத்துகள். இங்கே வாசிப்பு ‘நமா’. காயவைக்காத, ஈரப்பதத்தோடு இருக்கும் நூடுல்ஸ் என்று பொருள். வாங்கிப்போய் வேகவைக்க வேண்டும். பக்கத்தில் காலாவதி தேதியும் வேகவைக்கும் நிமிடங்களும் அச்சிட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

திரைச்சீலையில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அங்கே ‘சொபா’ பெரும்பாலும் இன்றைய ஹிரகனாவில் இருக்காது. ஒரே ஒலிக்குப் பல வடிவங்கள் புழங்கிய காலத்தின் சுழித்த எழுத்துகள் அவை. 1900-இல் பள்ளிகளுக்காக ஒலிக்கு ஒரு வடிவம் என்று நிலைப்படுத்தியபோது மற்றவை பாடத்திலிருந்து போயின, கடை வாசல்களில் தங்கிவிட்டன. தெரிந்த முதல் எழுத்துக்குப் பின்னால் தெரியாத இரண்டு சுழிகள் நீலத் துணியில் வந்தால், அநேகமாக அது ‘கிசொபா’தான்.

வழக்கமாகக் காஞ்சிக்குப் பின்னால் ஒட்டும் ஹிரகனா எழுத்துகளே வாசிப்பைக் காட்டிக்கொடுக்கும். 生きる என்றால் வாழ்வது, 生まれる என்றால் பிறப்பது. ஆனால் இந்த வால் சில சமயம் கைவிடும். 辛い என்பதை ‘கராய்’ என்றால் காரம், ‘ட்சுராய்’ என்றால் மனவேதனை. இரண்டுக்கும் ஒரே வால். ராமென் கடையின் உணவுப் பட்டியலில் மிளகாய்ப் படத்தோடு இருந்தால் காரம். ஒரு கடிதத்தின் படத்தில் இருந்தால் முழு வாக்கியத்தையும் படிக்காமல் கைவைக்கக் கூடாது. 十分 என்பதும் இப்படித்தான். வீட்டு வாடகை விளம்பரத்தில் ‘நிலையத்திலிருந்து நடந்து’ என்பதற்குப் பின்னால் வந்தால் பத்து நிமிடம். எச்சரிக்கைப் பலகையில் ‘கவனம்’ என்ற சொல்லுக்கு முன்னால் வந்தால் ‘போதுமான அளவு’. அதைப் ‘பத்து நிமிடம் கவனமாக இருக்கவும்’ என்று மொழிபெயர்த்தால் வழுக்கும் படிக்கட்டில் யாருக்கும் பயனில்லை.

இடப்பெயர்களில் அகராதியை விடப் படத்தின் ஓரம்தான் உதவும். 日本橋 டோக்கியோவில் ‘நிஹோன்பாஷி’, ஒசாகாவில் ‘நிப்போன்பாஷி’. முன்னது 1911-இல் கட்டிய கற்பாலம் நிற்கும் பழைய வணிகப் பகுதி. பின்னது மின்னணுக் கடைகளுக்குப் பேர்போனது. கடைப்பலகையின் கீழே தொலைபேசி எண் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். 03 என்று தொடங்கினால் டோக்கியோ, 06 என்றால் ஒசாகா. படத்தை வெட்டி, பெயரை மட்டும் அனுப்பி ‘இது என்ன?’ என்று கேட்பவர்கள் விடையை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

மனிதர் பெயரில் இந்த வழிகள் எல்லாம் முடிந்துபோகின்றன. 裕子 என்ற பெண் ‘யூகோ’வாகவும் இருக்கலாம், ‘ஹிரோகோ’வாகவும் இருக்கலாம். படத்தில் எவ்வளவு தேடினாலும் தெரியாது, ஜப்பானியருக்கும் தெரியாது. அதனால்தான் அங்கே விண்ணப்பப் படிவங்களில் பெயருக்கென்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றில் காஞ்சி. அதன் மேலே உள்ள சிறிய கட்டத்தில், அந்தப் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை அவரே ஒலி எழுத்துகளில் எழுதித்தருகிறார்.